முப்பது நொடிக் கத்தரிக்காய்

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒருவர் 2022-இல் ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தார். கஜா புயலில் தென்னை போனவர்களில் அவரும் ஒருவர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை பேராவூரணிப் பக்கம் என்ன நடந்தது என்று நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, புதுக் கன்று வைத்து, அது காய்க்கும் வரை இடையில் காய்கறி போட்டு வந்தார். கமிஷன் கடைக்குக் கொடுத்தால் கட்டவில்லை என்பதால் நேரே வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை.

“ஐயா, போன்ல ஒரு வீடியோ எடுத்திருக்கேன். பின்னால பேசுறதுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க” என்றார்.

தமிழாசிரியனிடம் கேட்டால் என்ன வரும்? இயற்கை அன்னை வந்தாள், மண்ணின் மணம் வந்தது, முன்னோர் வந்தார்கள், ஆரோக்கியமும் வந்தது. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் 96 சொல். அவரைப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். 62 நொடி. அப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முப்பது நொடிக்கு மேல் ஒரே துண்டாகப் போகாது. அதை விடுங்கள். முதல் இருபது நொடியில் என்ன காய், எந்த ஊர், யார் விற்கிறார் என்று ஒன்றுமே இல்லை.

அன்று இரவு திருச்சி வானொலி நினைவுக்கு வந்தது. அறுபதுகளில் ‘வீடும் வயலும்’ கேட்க எங்கள் தெருவில் ஒரே ரேடியோ வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடும். ஆடுதுறை 27 குறுவை நெல் நம் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவியதில் அந்த ஒலிபரப்புக்குப் பங்கு உண்டு. அதனால்தான் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. அந்த நிகழ்ச்சியில் யாரும் மண்ணின் பெருமையைப் பாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை நாள் நாற்று, எப்போது உரம், எவ்வளவு என்றுதான் பேசுவார்கள். என் தகப்பனார் அதைத்தான் குறித்துக்கொள்வார்.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து முதலில் ஒரு கணக்குப் போட்டோம். நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. நம் சொற்கள் நீளம். வேகமாகப் படித்தால் வால் எழுத்து விழுங்கிப் போகும். ஆக முப்பது நொடிக்கு அறுபது சொல். மூச்சு விடவும், காயைக் காட்டிச் சும்மா இருக்கவும் கொஞ்சம் இடம் விட்டால் ஐம்பதுக்குள் அடக்க வேண்டும்.

எதைக் குரலில் சொல்வது, எதை எழுத்தில் போடுவது என்பதில்தான் நேரம் போனது. விலையைக் குரலில் சொன்னால் அடுத்த வாரமே வீடியோ பொய்யாகிவிடும். ஆகவே மாறாதது குரலுக்கு, மாறுவது எழுத்துக்கு என்று பிரித்துக்கொண்டோம். விலையும் அன்றைய காயும் வீடியோவுக்குக் கீழே எழுதும் வரிகளில். போன் நம்பரும் அங்கேதான். படத்துக்குள் நம்பரைப் போட்டால் தொட்டுக் கூப்பிட முடியாது; பேப்பரும் பேனாவும் தேடிக்கொண்டிருக்கையில் படம் ஓடிவிடும்.

நான் எழுதியதில் “துளி நஞ்சும் படாத காய்” என்று ஒரு வரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

“இதை நான் படிக்க மாட்டேங்க ஐயா. கிழக்கால வயல்ல மருந்து அடிச்சா காத்துல வராதா? மூணு வருசத்துக்கு முந்தி நானே யூரியா போட்டவன்தானே? நான் செய்யாததை மட்டும் சொல்றேன்.”

வாத்தியாருக்கு வாத்தியார். அந்த வரியை அடித்தேன். கடைசியில் நின்றது இதுதான்:

“இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குப் பறிச்ச கத்தரி இது. ஒண்ணு ரெண்டுல ஓட்டை இருக்கும், மாத்தித் தருவேன். ரெண்டு வருசமா இந்தக் கொல்லைக்கு ரசாயன உரமும் போடலை, பூச்சிமருந்தும் அடிக்கலை. வேப்பங்கொட்டைக் கரைசல்தான். கத்தரி, வெண்டை, புடலை, கீரை. செவ்வாய், வெள்ளி காலையில பேராவூரணிக்குள்ள வீட்டுக்கே கொண்டாந்து தருவேன். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. இருபத்தஞ்சு வீட்டுக்குத்தான் காய் இருக்கு.”

மொத்தம் 45 சொல். ஓட்டையை முதலிலேயே சொன்னது என் யோசனை. வாங்கிப்போய் அரிவாள்மணையில் வைத்த பிறகு புழுவைப் பார்த்தால் கோபம் வரும். முன்னாலேயே சொல்லிவிட்டால் வராது. ஓட்டை இருந்தாலே இயற்கைக் காய் என்று சிலர் நம்புகிறார்கள், அதுவும் சரியில்லை. மருந்தடித்த கத்தரியிலும் காய்ப்புழு உள்ளே போய்விட்டால் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

குரல் பதிவில் முதல் இரண்டு தடவை தோற்றோம். தோப்பில் நின்று பேசினால் காற்று போனில் புஸ்ஸென்று அடிக்கிறது, போதாததற்கு மோட்டார் சத்தம். படத்தைத் தோப்பில் காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிட்டு, குரலை என் வீட்டில் மெத்தை அடுக்கிய சின்ன அறையில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்துப் பதிந்தோம். நேரே பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் டப்பென்று வெடிக்கும்.

படத்தின்மேல் ஓடும் எழுத்தை அவருடைய அக்காள் மகன் போட்டான். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் எழுத்து வேண்டும். ஒரு நேரத்தில் நாலு சொல், நான் வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் வரை நிற்க வேண்டும் என்று சொன்னேன். முதலில் அடியில் போட்டான். சில ஆப்களில் பேரும் பொத்தான்களும் அதன்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. நடுவுக்கு ஏற்றி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்ததும் என் கண்ணுக்கே தெரிந்தது.

பையன் ஆர்வத்தில் இன்டர்நெட்டிலிருந்து ‘ஜைவிக் பாரத்’ முத்திரையையும் எடுத்து மூலையில் ஒட்டியிருந்தான். அது அழகுக்கு வைக்கும் இலைப் படம் இல்லை. முறைப்படி அங்ககச் சான்று பெற்ற பொருளுக்குத்தான் அதைப் போடலாம். இவரிடம் சான்று இல்லை. எடுக்கச் சொன்னேன். “எல்லாரும் போடுறாங்க தாத்தா” என்றான். எடுத்துவிட்டான்.

முதல் வாரம் பதினொரு வீடு. கோயம்புத்தூரிலிருந்தும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், ‘பேராவூரணிக்குள்ள’ என்று சொல்லியும். ஒரு அம்மா மூன்று கத்தரியைத் திருப்பிக் கொடுத்தார், மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு மாதத்தில் இருபத்தைந்து நிறைந்தது. அதன் பிறகு திங்கள், வியாழன் பகலில் கீழே உள்ள விலையை மட்டும் மாற்றி அதே வீடியோவைத் திரும்பப் போட்டு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஸ்டேட்டஸில் அதைக் காணோம். என்னவென்று போன் பண்ணினேன்.

“நேத்து கிழக்கு வயல்ல மருந்து அடிச்சாங்க ஐயா. காத்து நம்ம பக்கம். வரப்போரம் நாலு வரிசை கத்தரியைப் பறிக்காம விட்டுட்டேன். வீடியோ கத்தரியிலதான் ஆரம்பிக்குது, அதான் போடலை. வெண்டையும் கீரையும் இருக்கு. எழுதி மட்டும் அனுப்பினேன், உங்களுக்கு வரலியா?”

வந்திருந்தது. “இந்த வாரம் கத்தரி இல்லை. பக்கத்து வயலில் மருந்து அடித்தார்கள்.” நான் எழுதிக் கொடுக்காத வரி.