விளையாடினதால முடியேல்ல, இறக்கினதால முடிஞ்சது

2023 செப்டம்பர் 28, வியாழக்கிழமை. மீலாத் விடுமுறை. திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால இருக்கிற எங்கட சின்ன வீட்டில, பின்னேரம் நாலு மணிக்கு இன்டர்நெட் படுத்துவிட்டது. கனடாவில இருக்கிற சித்தியோட அம்மா வீடியோவில கதைச்சுக்கொண்டிருந்தா. சித்தியின்ர முகம் அப்படியே உறைஞ்சுபோய் நிண்டது. கொஞ்ச நேரத்தில போனுக்கு மெசேஜ் வந்தது: மாதத்துக்கான பகல் டேட்டா முடிந்துவிட்டது.

எங்கட பக்கேஜ் ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி புதுசாகும். பகலுக்கு 60 ஜிபி, நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க வேற ஒரு பங்கு. எட்டு நாளில பகல் பங்கு காலி. எனக்கு அடுத்த நாள் காலமை ஒரு ஒன்லைன் நேர்முகத் தேர்வு இருந்தது.

அப்பாவுக்கு விசாரணையே தேவைப்படேல்ல. தம்பி அவற்ற கண்ணுக்கு முன்னாலதான் இருந்தான், காதில ஹெட்செட்டோட. "இரவு பகலா சுட்டுச் சுட்டு டேட்டாவை முடிச்சிட்டாய். இனி இந்த வீட்டில கேம் இல்ல." தம்பி ஒண்டும் சொல்லேல்ல. எழும்பி, கம்ப்யூட்டரை நிப்பாட்டிப்போட்டு வெளியில போயிட்டான்.

உண்மையைச் சொன்னால், நானும் அண்டைக்கு அப்பா பக்கம்தான். நேர்முகத் தேர்வை சிநேகிதி வீட்டில இருந்து செய்தன். ஆனா திரும்பி வந்த பிறகு ஒரு கேள்வி மனதுக்குள்ள உறுத்திக்கொண்டே இருந்தது. இவன் ரெண்டு வருசமா தினமும் இதே விளையாட்டைத்தான் விளையாடுறான். இந்த மாதம் மட்டும் ஏன் முடிஞ்சது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில செட்டிங்ஸுக்குள்ள போய் Data usage எண்டு தேடினால், கடைசி 30 நாளில எந்த மென்பொருள் எவ்வளவு டேட்டா எடுத்தது எண்டு ஒரு பட்டியல் வரும். அதைத் திறந்து பாத்தன். தம்பி விளையாடின கவுண்டர் ஸ்ட்ரைக், csgo.exe எண்ட பெயரில, முழு மாதத்துக்கும் 6 ஜிபியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அதுக்கு மேல, பட்டியலின்ர உச்சியில, steam.exe நிண்டது: 31 ஜிபி.

இந்த ரெண்டு பெயரும் ரெண்டு வேற வேலை. csgo.exe விளையாடுற நேரம் ஓடுறது. steam.exe கேம்களை வாங்கி, இறக்கி, புதுப்பிச்சு வைக்கிற கடை மாதிரி. விளையாடினதுக்கான கணக்கு முதலாவதில விழும், இறக்கினதுக்கான கணக்கு ரெண்டாவதில விழும். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினன். அவன் ஒரு நிமிசம் யோசிச்சிட்டு, "அக்கா, அண்டைக்குத்தானே சிஎஸ் டூ வந்தது" எண்டான்.

செப்டம்பர் 27ஆம் திகதி வால்வ் நிறுவனம் பழைய கவுண்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஐ வைச்சது. எங்கட நேரத்துக்கு அது 28. காசு கட்டத் தேவையில்ல, பழைய கேம் வைச்சிருந்த எல்லாருக்கும் அது ஒரு "அப்டேட்" ஆக வந்தது. பழைய கேமுக்கு ஸ்டீம் பக்கத்தில 15 ஜிபி இடம் வேணும் எண்டு போட்டிருந்தது. புதுசுக்கு 85 ஜிபி. அது வட்டில வேண்டிய இடம். கம்பிக்குள்ளால வாறது சுருக்கின வடிவம் எண்டபடியால் குறைவு. எண்டாலும் எங்கட வீட்டுக்கு அண்டைக்கு வந்தது 25 ஜிபிக்கு மேல.

வழமையான அப்டேட் ஏன் இப்படி அடிக்கிறதில்ல? ஸ்டீம் ஒவ்வொரு கேமையும் ஏறக்குறைய ஒரு எம்பி அளவான துண்டுகளா வெட்டி வைச்சிருக்கும். அப்டேட் வந்தால் மாறின துண்டுகளை மட்டும்தான் இறக்கும். ஆனா சிஎஸ் டூவில கேமின்ர இயந்திரமே மாறினது, சுவரில இருந்து புகை வரைக்கும் புதுசு. பழைய துண்டு எதுவும் பெரிசா உதவேல்ல. தம்பி காலமை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, குளிக்கப் போய், சாப்பிட்டு வாறதுக்குள்ள அது தன்ர பாட்டில இறங்கிக்கொண்டிருந்தது. பகல் பங்கிலிருந்து. மிச்சத்தை எங்கட எல்லாருடைய போன்களும் எட்டு நாளா வீடியோ பாத்து முடிச்சிருந்தது.

சரி, விளையாட ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு போகும்? இதை ஊகிக்கத் தேவையில்ல, பெருக்கிப் பாக்கலாம்.

விளையாடும்போது கம்பிக்குள்ளால படம் வாறதில்ல. வரைபடம், துவக்கு, வெடிச்சத்தம் எல்லாம் ஏற்கனவே உங்கட வட்டில இருக்கு. சேர்வரிலிருந்து வாறது சின்னச் சின்னச் செய்தி: மற்றவன் எங்க நிக்கிறான், எந்தப் பக்கம் பாக்கிறான், சுட்டானா இல்லையா. உங்களிட்ட இருந்து போறது இன்னும் சின்னது: எந்த பட்டனை அமத்தினீங்கள், மவுஸ் எவ்வளவு திரும்பினது. கவுண்டர் ஸ்ட்ரைக் இப்படி செக்கனுக்கு 64 தரம் பேசுது.

ஒரு செய்தி சராசரியா 700 பைட் எண்டு வைப்பம். 64 தரம் எண்டால் செக்கனுக்கு 44,800 பைட். ஒரு மணித்தியாலம் 3,600 செக்கன். பெருக்கினால் 161 எம்பி. நாங்கள் திருப்பி அனுப்புறது 200 பைட் எண்டு வைச்சால் இன்னொரு 46 எம்பி. மொத்தம் 200 எம்பியைக் கொஞ்சம் தாண்டும். பிறகு தம்பியை ஒரு மணித்தியாலம் விளையாட விட்டு, முன்னும் பின்னும் அந்தப் பட்டியலைப் பாத்தன். 220 எம்பி கூடியிருந்தது. ஆட்கள் கூடின நேரம் செய்தி பெருக்கும், ஒரே மூலையில ஒளிச்சிருந்தால் குறையும், அதால இந்த எண் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆடும். செக்கனுக்குக் குறைவான தரம் பேசுற கேம்கள் இதில பாதிகூட எடுக்காது. கூட்டாளிமாரோட குரலில கதைச்சால் கொஞ்சம் ஏறும். செக்கனுக்கு 64 கிலோபிட் எண்டால் எட்டால பிரிச்சு 8 கிலோபைட், மணிக்கு 29 எம்பி.

இப்ப ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரு தரம் இறக்கினது 25 ஜிபி. அந்த 25 ஜிபியில மணிக்கு 210 எம்பி கணக்கில 120 மணித்தியாலம் விளையாடலாம். நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டால் ரெண்டு மாதம். அப்பா கண்ணால கண்டது அந்த ரெண்டு மணித்தியாலத்தை. டேட்டாவைத் திண்டது ஆளே இல்லாத நேரம் ஓடின ஒரு நீலக் கோடு.

தடை போட்ட பிறகு நடந்தது இன்னும் பகிடி. விளையாட விடாததால தம்பி போனில மற்றவங்கள் விளையாடுறதை யூடியூப்பில பாக்கத் தொடங்கினான். அங்க கம்பிக்குள்ளால வாறது முழுக்கப் படம். 1080 தரத்தில ஒரு மணித்தியாலம் பாத்தால் 1 ஜிபியைத் தாண்டும், விளையாடுறதை விட அஞ்சு மடங்கு. தண்டனை எங்களுக்குத்தான் விழுந்தது.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்லுறது? எண்களைச் சொன்னன். அவர் பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு கேட்டார். அவர் துறைமுகத்தில கனகாலம் வேலை செய்தவர். கடைசியா அவரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப, சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வாறது ஒண்டு. அந்தக் கப்பலோட பைலட் ரேடியோவில கதைக்கிறது இன்னொண்டு. அப்பிடியா?"

அதேதான். கப்பல் ஒருக்கா வந்தால் கிடங்கு நிரம்பும். ரேடியோ பேச்சு நாள் முழுக்க நடந்தாலும் ஒரு சாக்கும் நிரம்பாது. ஆனா அந்தப் பேச்சு பிந்தினால் கப்பல் பாறையில ஏறும். ஒன்லைன் விளையாட்டுக்கு வேண்டியதும் அதுதான், செய்தி பிந்தாமல் வாறது. வீட்டில வேற ஆர் பெரிசா எதையும் இறக்கினாலும், ரவுட்டரில வரிசை நீண்டு தம்பியின்ர பிங் ஏறுறதும் அதாலதான்.

தடை நீங்கினது. பதிலுக்கு மூண்டு விசயம் மாத்தினம்.

முதலாவது, ஸ்டீம் செட்டிங்ஸில Downloads பகுதியில Schedule auto-updates எண்டு இருக்கு. அதில எங்கட இரவுப் பங்கு தொடங்குற நேரத்தையும் முடியிற நேரத்தையும் போட்டம். கம்ப்யூட்டர் இரவில ஓடிக்கொண்டிருந்தால்தான் இது வேலை செய்யும். பகலில நீங்களே கேமைத் திறந்தால் அப்டேட் உடன தொடங்கும், ஏனெண்டால் பழைய பதிப்போட ஒன்லைன் ஆட்டத்துக்குள்ள விடமாட்டினம். அதால திறக்க முதல் எவ்வளவு இறங்கப்போகுது எண்டு பாக்கிறது தம்பியின்ர பொறுப்பு.

ரெண்டாவது, விளையாடாத கேம்களுக்கு ஒவ்வொண்டா போய் Wait until I launch the game எண்டு மாத்தினம். ஆறு மாதமா தொடாத ஒரு கேமும் பகலில அப்டேட் எடுத்துக்கொண்டிருந்தது அப்பதான் தெரிஞ்சது.

மூண்டாவதுதான் பெரிய மிச்சம். புதுக் கேம் வேணுமெண்டால் அதை இன்டர்நெட்டில இறக்கிறதில்ல. உவர்மலையில இருக்கிற தம்பியின்ர கூட்டாளியிட்ட ஏற்கனவே இருந்தால், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அங்க போறான். ஸ்டீமில 2023 இல இருந்து Game File Transfer over Local Network எண்டு ஒரு வசதி இருக்கு. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில இருந்து, ரெண்டு பேரும் அனுமதிச்சால், கேம் ஒண்டிலிருந்து மற்றதுக்கு நேரா போகும். ஆற்ற டேட்டாவும் குறையாது. பழைய வழியும் இருக்கு: steamapps\common க்குள்ள இருக்கிற கேமின்ர ஃபோல்டரை வெளி வட்டில கொப்பி பண்ணி, வீட்டில அதே இடத்தில போட்டுவிட்டு Install அமத்தினால், ஸ்டீம் இருக்கிற கோப்புகளைச் சரிபாத்து, குறையிறதை மட்டும் இறக்கும்.

இதால விளையாட்டு இலவசம் எண்டு ஆகாது. நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டால் மாதம் 12 ஜிபிக்கு மேல போகும், எங்கட பகல் பங்கில அஞ்சில ஒண்டு. அது தம்பியின்ர பங்கு எண்டு வீட்டில பேசி ஒப்புக்கொண்டம்.

போன கிழமை தம்பி ஒரு புதுக் கேமைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தான். அப்பா பேப்பரில இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "எத்தினை மணித்தியாலம் விளையாடுவாய் எண்டு நான் கேக்கேல்ல. கப்பல் எத்தினை ஜிபி?"