தகட்டுக் கணக்கை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்



நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சீராக மின்னூட்டம் பெற்ற வட்டத் தகடு, ஆரம் R. மையத்திலிருந்து அச்சின் மேல் x தொலைவில் மின்புலம் என்ன? பழைய கணக்குதான். நீ போட்ட விடை ஒன்று, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது வேறொன்று. "கையேட்டில் உள்ளதையே எழுதிடட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

உன்னுடையது:
E = (σ/2ε₀)[1 − x/√(x²+R²)]

கையேட்டில்:
E = (σ/2ε₀)[1 − R/√(x²+R²)]

அலகு இரண்டிலும் சரியாகவே வருகிறது. அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

முதலில் x-ஐ மிகச் சிறிதாக்கு. தகட்டின் நடுவில் நிற்கும் எறும்புக்கு விளிம்பு எங்கோ இருக்கிறது. அதற்கு இது முடிவிலாத் தகடு. காஸ் விதிப்படி σ/2ε₀ வரவேண்டும். உன்னுடையதில் வருகிறது, கையேட்டில் சுழி. நடுவில் சமச்சீர், சுழிதானே வரும் என்று சிலர் வாதாடுவார்கள். வளையத்துக்கு அது சரி, ஏனென்றால் அதன் நடுவில் ஒன்றும் இல்லை. தகட்டிலோ காலடியிலேயே மின்னூட்டம் இருந்து மேலே தள்ளுகிறது.

இனி வெகுதூரம் போ. கையேட்டு விடை குறையவே இல்லை, σ/2ε₀-இல் போய் நிற்கிறது! உன்னுடையது சுழியாகிறது. அதோடு திருப்தியடைந்துவிடாதே, எப்படிச் சுழியாகிறது என்பதுதான் உண்மையான சோதனை. x பெரிதானால் x/√(x²+R²) என்பது ஏறத்தாழ 1 − R²/2x². ஆகவே

E ≈ σR²/4ε₀x²

Q = σπR² என்று போட்டால் Q/4πε₀x². தூரத்திலிருந்து பார்த்தால் தகடு ஒரு புள்ளி மின்துகள், கூலூம் விதி அப்படியே வந்துவிட்டது. முன்னால் உள்ள 2-ஐ நீ விட்டிருந்தால் இங்கே இருமடங்காக வந்து காட்டிக்கொடுத்திருக்கும். (கடத்தியின் பரப்புக்கான σ/ε₀-ஐ இதில் கொண்டுவந்து குழப்பிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.)

ஆனால் ஒன்று. இந்த விடையைப் பார்:

E = (σ/2ε₀) · R²/(R²+2x²)

பக்கத்திலும் சரி, தூரத்திலும் சரி, இரண்டு சோதனையிலும் தேறிவிடும். ஆனாலும் தவறு. ஓரங்களில் தோற்றால் விடை நிச்சயம் தவறு. தேறினால் சரி என்று உறுதி கிடையாது. இதைப் பிடிக்க நடுவில் ஓர் இடம் வேண்டும். x = R வை. உன் விடை σ/2ε₀-இல் 0.293 பங்கு, இது 0.333 பங்கு. எது சரி என்று பார்க்க, தகட்டைச் சம அகலமுள்ள பத்து வளையங்களாகப் பிரித்து, வளையத்தின் சூத்திரத்தை வைத்து ஒவ்வொன்றின் புலத்தையும் கூட்டு. வளையத்தின் ஆரமாக அதன் அகலத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள். கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டுத்தொகையை எனக்கு அனுப்பு.