கிண்டியிலிருந்து போரூர்: ஒரு கிலோமீட்டருக்கு என்ன கொடுக்கிறோம்?

காலை ஒன்பதரை மணி. கிண்டி ரயில் நிலையத்தின் படியிறங்கி வெளியே வந்ததும் "ராமாபுரம், போரூர், போரூர்" என்று கூப்பிடும் குரல்தான் முதலில் காதில் விழுந்தது. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். போரூருக்கு எவ்வளவு என்று கேட்டேன். "முப்பது ரூபா, ஏறுங்க சார், உடனே எடுத்துடலாம்" என்றார் ஓட்டுநர்.

உடனே எடுக்கவில்லை. பின்னால் ஆறு பேரும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவரும் சேர்ந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதற்குள் பதினோரு நிமிடம் போயிருந்தது. எதிரில் இருந்த பெண் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எனக்கு லேட் ஆகுது" என்றார். "ஆள் ரொம்பாம எடுத்தா டீசல் காசுகூட வராதும்மா" என்று பதில் வந்தது. இந்த வண்டியில் காத்திருப்புக் கட்டணம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பதினோரு நிமிடத்தைப் பயணிகள் தங்கள் நேரத்திலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கத்திபாரா தாண்டி பட் ரோடு சந்திப்பில் வண்டி ஊர்ந்தது. நடுச்சாலையில் மெட்ரோ தூண்கள், இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, நடுவே பஸ்களும் தண்ணீர் லாரியும். வர்த்தக மையத்துக்கு அருகே ஒருவர் இறங்க, அந்த இடத்தில் ஒரு பெரியவர் ஏறினார். ராமாபுரத்தில் இறங்கும்போது பதினைந்து ரூபாய் கொடுத்தார். அந்தத் தூரம் என் கைப்பேசியில் இரண்டு கிலோமீட்டர். அவருக்குக் கிலோமீட்டர் ஏழரை ரூபாய். கடைசிவரை போன எனக்கு எட்டு கிலோமீட்டருக்கு முப்பது, அதாவது மூன்றே முக்கால் ரூபாய். ஒரே வண்டி, ஒரே சாலை, ஆனால் குறைந்த தூரம் போகிறவருக்கு இரண்டு மடங்கு. ஏறியதற்கே ஒரு தொகை என்று இருந்தால், தூரம் குறையக் குறைய அது கிலோமீட்டர்மேல் கனமாக விழும். மீட்டர் ஆட்டோவிலும் இதே சங்கதிதான்.

வண்டிக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். ஏழு பேரும் போரூர்வரை வந்தால் அவருக்கு 210 ரூபாய். வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 26 ரூபாய் வருகிறது. ஆள் நிரம்பும்வரை நகரமாட்டேன் என்பதன் காரணம் இதில் இருக்கிறது.

போரூர் சந்திப்பில் இறங்கி, நண்பகலில் அதே சாலையில் தனி ஆட்டோவில் திரும்பினேன். ஸ்டாண்டில் முதலில் நின்றவர் 200 கேட்டார், பேசி 180-க்கு இறங்கினார். பேசிய பணத்தைத் தருகிறேன், கூடவே மீட்டரையும் போடுங்கள், என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். "போடுறேன் சார், ஆனா அது 2013 ரேட்டு. அதுல இன்னிக்கு யாரு ஓட்டுவாங்க?" என்றபடி பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் 25 வந்தது.

அவர் சொன்ன ஆண்டு சரி. சென்னையில் 2013 ஆகஸ்ட் 25 முதல் நடப்புக்கு வந்த அரசுக் கட்டணம் அது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அன்று பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று நூறைத் தாண்டிவிட்டது.

வழிநெடுக மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ஓடும்போது எண் சுறுசுறுப்பாக ஏறியது. ராமாபுரம் சிக்னலிலும் பட் ரோட்டிலும் நின்றபோது அது அரிதாகவே அசைந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, வெயில் தகரக் கூரையில் இறங்கியது, ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிண்டியில் இறங்கும்போது எட்டு கிலோமீட்டர், காத்திருப்பு 12 நிமிடம், தொகை 106 ரூபாய் 40 காசு என்று காட்டியது.

அதைப் பிரித்துப் பார்த்தேன். தூரத்துக்கு 99.40, நின்றதற்கு வெறும் 7 ரூபாய். மொத்தப் பயணம் 32 நிமிடம். ஓடிய இருபது நிமிடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 ரூபாய் ஏறியிருக்கிறது. நின்ற பன்னிரண்டு நிமிடத்தில் நிமிடத்துக்கு 60 காசுகூட இல்லை. நெரிசலான சாலைப் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர்கள் தலையாட்டி மறுப்பதைப் பார்த்திருப்போம். மணிக்கணக்கில் நின்றாலும் மீட்டர்படி மணிக்கு 42 ரூபாய்தான் என்றால் யார் வருவார்?

மீட்டர்படி எனக்குக் கிலோமீட்டருக்கு 13.30 ரூபாய். நான் கொடுத்ததோ 22.50. நடுவிலுள்ள இடைவெளி வெறும் பேராசையா என்று பார்க்க வேறொரு கணக்கும் போட்டேன். 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18, காத்திருப்புக்கு நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கில் என் பயணம் 179 ரூபாய் 60 காசு. பேரத்தில் படிந்த 180-உடன் அப்படியே ஒட்டி நிற்கிறது. ஸ்டாண்டில் வாய்க்கு வந்த விலை என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

"உங்களை இறக்கிட்டு காலியா திரும்பணும் சார், அதையும் சேர்த்துதான் கேக்குறோம்" என்றும் ஓட்டுநர் சொல்லியிருந்தார். அதனால் இறங்கிய பிறகு ஒரு டீ வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தேன். டீ முடிவதற்குள் பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம் அவர் வண்டியில் ஏறிவிட்டது. கிண்டி மாதிரி இடத்தில், அந்த நேரத்தில், காலியாகத் திரும்புவது என்ற காரணம் நிற்காது. சிக்னலில் நின்ற பன்னிரண்டு நிமிடம் மட்டும் நான் கண்ணால் கண்டது.

அங்கேயே இன்னொருவரிடம் ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கேட்டேன். இரண்டு கிலோமீட்டர்தான். எண்பது ரூபாய் என்றார், கிலோமீட்டருக்கு நாற்பது. சங்கக் கணக்கிலேயே 53.60தான் வரும். பணம் அதிகமாகப் போவது இந்த மாதிரிக் குட்டிச் சவாரிகளில்தான்.

ஏறும் முன் கைப்பேசியில் தூரத்தைப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமென்றால், தூரத்தைப் பதினெட்டால் பெருக்கி, இன்னொரு பதினெட்டு ரூபாய் கூட்டுங்கள். அதுதான் சங்கங்களே கேட்கும் தொகை. நின்றால் நிமிடத்துக்கு ஒன்றரை. அதற்கு மேல் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசலாம். கட்டணத்தைத் திருத்தப்போகும் அரசு, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை மட்டும் உயர்த்திவிட்டு அந்த மூன்றரை ரூபாயை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதை மாற்றாதவரை நெரிசலான சாலைகளில் மீட்டர் ஓடாது.