பூவா, தலையா, ஆமா, இல்லையா

"பரீட்சை நெருங்கும்போது உனக்கு மன அழுத்தம் ஏற்படுகிறதா?" என்று ஒரு ப்ளஸ் டூ மாணவரிடம் கேட்டால் "ஆம்" என்று டிக் அடிப்பதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. ஊரே ஒத்துக்கொள்ளும் பதில் அது. 2022 ஜனவரி முதல் மார்ச் வரை என்சிஇஆர்டி நாடு முழுவதும் 6 முதல் 12 வகுப்பு வரையிலான 3.79 லட்சம் மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பெயர் எழுதுவது கட்டாயமில்லை. படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவையே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. மார்க் குறைந்தபோது உன்னை யார் அடித்தார்கள்? தூக்கம் வராமலிருக்க என்ன எடுத்துக்கொள்கிறாய்? செத்துப்போகலாம் என்று தோன்றியதா? இவற்றுக்கெல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையனோ பொண்ணோ ஏன் உண்மையைச் சொல்லவேண்டும்?

இதை யோசிக்கவைத்தது ஒரு போன் கால். என்னோடு படித்தவன் ஒருவன் இப்போது கம்பைநல்லூர் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் கூப்பிட்டான். "டேய், ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுக் குடுடா. பசங்க எவ்ளோ டென்ஷன்ல இருக்காங்க, எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்." கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மொத்தம் 24. பத்து நிமிட வேலை. ஆனால் கேள்விகளைப் படித்ததும் ஃபார்ம் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"பசங்க எந்த போன்ல இதைத் திறப்பாங்க?"

"அப்பா போன்லதான்."

அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில் "வீட்டில் உன்னை அடிப்பார்களா?" என்ற கேள்வி திறக்கும். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காதே என்று அமைத்தாலும், ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் ஷீட்டில் விழும். பொண்ணுங்க எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், யார் கடைசியில் அனுப்பினார்கள் என்பது வகுப்பு ஆசிரியருக்கு நினைவிருக்கலாம். ஆகவே காகிதம்தான் என்று முடிவு செய்தோம்.

காகிதத்திலும் அதே பூதம் வேறு உருவில் இருந்தது. அவனுடைய தாளின் தலைப்பில் பெயர் இல்லை. ஆனால் குரூப், ஆணா பெண்ணா, விடுதியா வீடா, சமூகப் பிரிவு என்று நான்கு கட்டங்கள். கணிதம்–உயிரியல் குரூப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்திதான் என்றால், அந்த நான்கு டிக்குகளே அவள் பெயர். மென்பொருளில் தரவை வெளியே கொடுக்கும் முன் நாங்கள் பார்ப்பது இதைத்தான்: எந்தக் கூட்டுக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கிறார்களா? இருந்தால் கட்டங்களைக் குறைக்க வேண்டும். குரூப்பையும் சமூகப் பிரிவையும் எடுத்துவிட்டோம். "அப்புறம் எப்படி அலசறது?" என்றான். அலச முடியாதுதான். 120 பேரில் எட்டுத் துண்டுகளாக அலசினால் கிடைப்பது ஆராய்ச்சி இல்லை, ஆள்காட்டல்.

அடுத்தது, சமாளிக்கும் வழிகள். அவன் எழுதிய கேள்வி: "மன அழுத்தத்தைக் குறைக்க நீ என்ன செய்கிறாய்? யோகா / தியானம் / இசை / நண்பர்களுடன் பேசுதல் / பிற." இதற்கு என்ன பதில் வரும் என்பதைக் கேட்காமலே சொல்லலாம். காலையில் பிரேயரில் எதைப் பாராட்டுகிறார்களோ அதற்குத்தான் டிக் விழும். பொதுவாக என்ன செய்வாய் என்று கேட்டால், செய்யவேண்டியதைத்தான் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்டால்தான் செய்தது வரும். எனவே மாற்றினோம்: "கடைசியாக ஒரு பரீட்சை சொதப்பிய நாளில், வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்தாய்?" கீழே இரண்டு வரி வெற்றிடம்.

இதைப் போன வருடம் முடித்துப்போன நான்கு மாணவர்களிடம் படித்துக் காட்டினான். எந்தக் கணக்கெடுப்புத் தாளையும் முதலில் இப்படிச் சிலரிடம் வாய்விட்டுச் சொல்லவைத்துப் பார்ப்பது வழக்கம். கேள்வி அவர்களுக்கு என்னவாகக் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒருவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டானாம், இருட்டும்வரை வரவில்லை. இன்னொருவன் சாப்பிடாமல் தூங்கினான். மூன்றாமவன் ரீல்ஸ் பார்த்தான், எத்தனை மணிநேரம் என்று அவனுக்கே தெரியவில்லை. நான்காவது, ஒரு பொண்ணு. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மார்க் பத்திப் பயம் இல்லீங்க சார். ஃபெயிலானா கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்கன்னுதான் பயம்."

24 கேள்விகளில் இது எங்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆம்பளைங்க. பெயிலானால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கோ போகவேண்டும் என்பதுதான் எங்கள் காலத்துப் பயம். தர்மபுரிப் பக்கத்தில் ஒரே பரீட்சைக்கு இரண்டு வேறு தண்டனைகள் இருக்கின்றன. "தேர்வில் தவறினால் உடனே நடக்கும் என்று நீ பயப்படுவது எது?" என்ற கேள்வி அப்படித்தான் தாளில் சேர்ந்தது.

இப்போது கூச்சமான கேள்விகள். வீட்டில் அடி, ஹான்ஸ் போன்ற புகையிலை, பரீட்சையில் பிட். நேராகக் கேட்டால் "இல்லை" என்று வரும். பக்கத்து பெஞ்சுக்காரன் பார்ப்பான், கையெழுத்து சாருக்குத் தெரியும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். பதில் சொல்பவரின் கையில் அதிர்ஷ்டத்தைக் கொடுத்துவிடுவது. அதைப் பின்னால் எளிமையாக்கிய வடிவம் இது: நாணயத்தைச் சுண்டு. தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆம்" என்று எழுது. பூ விழுந்தால் உண்மையை எழுது. என்ன விழுந்தது என்று யாரிடமும் சொல்லாதே. இப்போது ஒரு தாளில் "ஆம்" இருந்தால் அது அவன் வாக்குமூலமா, நாணயம் சொன்னதா என்று யாராலும் சொல்ல முடியாது. குரோம் உலாவியிலிருந்து தகவல் சேகரிக்க கூகுள் 2014இல் வெளியிட்ட ராப்பர் என்ற முறையின் வேர் இதுதான். வேலையில் அதைப் படித்தபோது, அது ஒருநாள் கம்பைநல்லூருக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

கணக்கு சின்னது. 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு, அதாவது சுமார் 60 பேருக்கு, தலை விழுந்து "ஆம்" என்று எழுதியிருப்பார்கள். மொத்தம் 72 "ஆம்" வந்தால், மிச்சம் 12 பேர் பூ விழுந்த 60 பேரிலிருந்து வந்த உண்மையான "ஆம்". 60இல் 12, அதாவது 20 சதவீதம். யார் என்று தெரியாமலே எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டது.

நண்பன் குஷியாகிவிட்டான். கூடவே விலையையும் சொல்லவேண்டியிருந்தது. நாணயம் சரியாக 60 தலை விழும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அந்த ஆட்டத்தையும் சேர்த்தால், 120 பேரில் இந்த 20 சதவீதம் என்பது 2 முதல் 38க்குள் எங்கும் இருக்கலாம். நேராகக் கேட்டு எல்லோரும் உண்மை சொன்னால் 13 முதல் 27 என்று நெருங்கியிருப்போம். ரகசியத்துக்காகத் துல்லியத்தை விற்கிறோம். ஒரே பள்ளிக்கு இது மங்கலான கண்ணாடி. பத்துப் பள்ளிகள் சேர்ந்து 1200 பேர் என்றால் இரு பக்கமும் ஐந்தரைப் புள்ளிக்குள் வந்துவிடும். அதனால் கூச்சமான மூன்று கேள்விகளுக்கு மட்டும் இது போதும் என்று வைத்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகச் சுண்டவேண்டும்.

இன்னொரு வினை: தலை விழுந்தும் "நான் ஹான்ஸ் போடறதில்லையே, எதுக்கு ஆம்னு எழுதணும்" என்று ரோஷத்தில் "இல்லை" எழுதும் பிள்ளைகள். அது நடந்தால் கணக்கே தெரிவித்துவிடும். 120இல் 45 "ஆம்" மட்டுமே வந்தால், தலை விழுந்தவர்களின் எண்ணிக்கையே தேறவில்லை, விடை மைனஸில் போகும். இதை முன்கூட்டியே பிடிக்க, முதல் கேள்வியாக இதை வைத்தோம்: "நீ நிலாவுக்குப் போய்வந்திருக்கிறாயா?" உண்மையான பதில் எல்லோருக்கும் "இல்லை". ஆகவே 60ஐ ஒட்டி "ஆம்" வந்தால் விதி புரிந்திருக்கிறது என்று அர்த்தம். மிகவும் குறைந்தால் மீதி மூன்றையும் நம்பக்கூடாது. பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் பழகியும் கொள்வார்கள்.

நாணயம் பெஞ்சில் விழுந்தால் சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான். அம்மா போன் நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று வைக்கலாமா என்று யோசித்தோம். அது எமிஸ் பதிவில் இருக்கிறது, சார் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றினால் போதும், கதை முடிந்தது. கடைசியில் ஜியாமெட்ரி பாக்ஸ்தான் கைகொடுத்தது. ஒரு ரூபாயை உள்ளே போட்டு, மூடிக் குலுக்கி, லேசாகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் ஒரு கேள்வி. அவன் பட்டியலில் 19ஆவது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா?" கேட்டாலே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2342 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் தற்கொலை பற்றிக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. கேட்கப்பட்டவர்களின் துயரமோ எண்ணமோ அதனால் கூடவில்லை. ஆபத்து கேட்பதில் இல்லை, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில் இருக்கிறது. இங்கே நாணயம் செல்லாது. 120 தாளில் ஒன்றில் அந்த "ஆம்" உண்மையாக இருந்தால், எந்தப் பிள்ளை என்று தெரியாமல் சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே அதைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, தனியாக ஒரு சீட்டு வைத்தோம். அதில் பெயர் உண்டு. ஒரே வரி: "யாரிடமாவது பேசவேண்டும் போலிருக்கிறதா?" பேச விரும்பாதவர்கள் தங்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றி மூன்று வரி எழுதவேண்டும். எல்லாப் பேனாவும் ஒரே நேரம் ஓடினால்தான் எழுதுகிறவள் தனியாகத் தெரியமாட்டாள். சீட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும்.

சீட்டின் மேலே "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவன் எழுதியிருந்தான். அதை அடித்தேன். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி ஆசிரியர் புகார் கொடுத்தே ஆகவேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கைப் பதினேழு வயதுக்குக் கொடுக்கக்கூடாது. மாற்றி எழுதினோம்: "உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் தவறாக நடந்திருந்தாலோ, உதவக்கூடியவரிடம் சொல்லியாகவேண்டும். சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்." கீழே டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோர் சம்மதக் கடிதத்தில் "படிப்பு பற்றிய ஆய்வு" என்று பூசி மெழுகாமல், வீட்டுச் சூழலையும் கேட்போம் என்று எழுதினோம். சில அப்பாக்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். எங்களுக்கு அதிகம் தெரியவேண்டியது அந்த வீடுகளைப் பற்றியாகவே இருக்கலாம். அதற்கு எங்களிடம் தந்திரம் இல்லை. பேசலாமா என்று கேட்கும் சீட்டை மட்டும் ஆய்விலிருந்து பிரித்து, வகுப்பு ஆசிரியரின் வேலையாக எல்லோருக்கும் கொடுத்தான்.

நாள் குறிப்பதில்தான் கடைசி வாக்குவாதம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் காலியாக இருக்கிறது என்றான். அப்படியென்றால் கவர்களை எப்போது பிரிப்பாய் என்று கேட்டேன். "சனி ஞாயிறு வீட்ல வெச்சு..." என்று இழுத்து, அவனே நிறுத்திக்கொண்டான். செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட் என்று குறித்தான். மதியச் சாப்பாட்டுக்குள் 120 கவரையும் அவனும் இன்னொரு டீச்சரும் படித்துவிடவேண்டும். பெல் அடித்துப் பிள்ளைகள் பஸ் ஏறும் முன் பேசவேண்டியவர்களிடம் பேசியிருக்கவேண்டும்.