பத்து நிமிடத் திருட்டு

நாகர்கோவிலில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் செவிலியர்கள். நான் செய்துகொண்டிருந்த தப்பு திருட்டுதான், வேறு பெயர் வைக்க முடியாது. காகிதத் தேர்வில் லிசனிங் ஒலிப்பதிவு அரை மணி நேரம் ஓடும். அது முடிந்ததும், வினாத்தாளில் கிறுக்கி வைத்த நாற்பது விடைகளையும் விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனியாகப் பத்து நிமிடம் தருவார்கள். என் வகுப்பில் அந்தப் பத்து நிமிடத்தை நான் தந்ததே இல்லை.

காரணம் சில்லறைத்தனமானது. ஒரு பேட்ச்சுக்கு ஒரு மணி நேரம், வெளியே அடுத்த பேட்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கும். பத்து நிமிடம் முப்பது பேர் குனிந்து நகல் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதா என்று தோன்றும். ஒலிப்பதிவு நின்றதும் விடைகளை உரக்கப் படிப்பேன். அவரவர் வினாத்தாளில் அவரவரே டிக் போட்டுக்கொள்வார்கள். ‘குளோவ்’ என்று எழுதியிருந்தவர், நான் ‘குளோவ்ஸ்’ என்று படித்ததும் ஒரு எஸ்ஸைச் சேர்த்து டிக் போட்டுக்கொள்வார். அதைக் கண்ணால் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். மதிப்பெண் ஏறினால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் நல்ல பெயர்.

ஒரு பெண், ஐந்து வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய லிசனிங்கில் 7 வேண்டும். நாற்பதுக்கு முப்பது சரியாக இருந்தால் ஏறத்தாழ 7 வரும். என் வகுப்பில் அவள் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கியதில்லை. நானே தைரியம் சொல்லித் தேதி போட வைத்தேன். 6.5 வந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டிய பணம் போச்சு. “அன்னிக்குப் பதற்றமா இருந்திருப்பேம்மா, விடு” என்றேன். அவள், “பதறவே இல்ல சார். எல்லாம் காதுல விழுந்துச்சு” என்றாள்.

அதன்பிறகுதான், முதன்முறையாக, அசல் விடைத்தாள் மாதிரி ஒன்றை நகலெடுத்து அவள் முன்னால் வைத்தேன். முழுத் தேர்வையும் ஓட்டி, பத்து நிமிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் பென்சிலை மட்டும் பார்த்தேன். என் வகுப்புக் கணக்குப்படி வினாத்தாளில் முப்பத்து மூன்று சரி. விடைத்தாளில் இருபத்தெட்டு. அந்த ஐந்தும் எங்கே போயின என்பதில்தான் என் குற்றப்பத்திரிகை இருக்கிறது.

ஒன்று, ‘மெயின் என்ட்ரன்ஸ்’. வினாத்தாளில் சரியாகவே இருந்தது. மாற்றி எழுதும்போது, வாக்கியம் முழுமையாக இருக்கட்டுமே என்று முன்னால் ஒரு ‘தி’ சேர்த்தாள். ‘இரண்டு சொல்லுக்கு மிகக் கூடாது’ என்று மேலே கட்டளை இருக்கும்போது மூன்று சொல் எழுதினால் அந்த விடை முழுசாகத் தப்பு. அரை மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. அடுத்தது ‘கொஸ்டினேர்’. நடுவில் இரண்டு என் வர வேண்டும், ஒன்றுதான் போட்டாள். வினாத்தாளில் ‘கொஸ்ட்’ என்று பாதிச் சொல்தான் இருந்தது. என் வகுப்பில் அந்தப் பாதிச் சொல்லுக்கே டிக் விழுந்துவிடும்.

மூன்றாவது அந்தக் குளோவ்ஸ். இது எங்கள் ஊர்க் காதுக்கென்றே வைத்த கண்ணி. ‘குளோவ்ஸ் ஷுட் பி’ என்று வேகமாகச் சொல்லும்போது முதல் சொல்லின் கடைசி எஸ் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழிலோ ‘பத்து புத்தகம் வாங்கினேன்’ என்றால் யாரும் தப்பு சொல்வதில்லை, அதனால் அந்த எஸ் இல்லாதது நமக்கு உறுத்துவதுமில்லை. பத்து நிமிடம் கழித்துக் காதில் ஒலி மிச்சமிருக்காது, வினாவின் வாக்கியம்தான் மிச்சமிருக்கும். கோடிட்ட இடத்துக்கு முன்னால் ‘எ’ அல்லது ‘ஆன்’ இருக்கிறதா, ‘மெனி’, ‘டிஃபரன்ட்’ மாதிரி ஏதாவது இருக்கிறதா, பின்னால் வரும் வினைச்சொல் ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்று பார்த்தால் பாதி இடங்களில் விடை தெரிந்துவிடும். ஆனால் அதற்கு விடையை அந்த வாக்கியத்துக்குள் திரும்ப வைத்துப் படிக்க வேண்டும். விடைத்தாளில் வெறும் எண்ணும் கோடும்தான், வாக்கியம் இல்லை. அவள் விடைத்தாளையே வெறித்து வெறித்துச் சரிபார்த்தாள். அப்படிப் பார்த்தால் ‘குளோவ்’ நல்ல ஆங்கிலச் சொல்தான், எந்தக் குறையும் தெரியாது. ஒலிப்பதிவில் மட்டுமே வித்தியாசம் தெரிகிற இடங்களும் உண்டு. அங்கே கேட்கும்போதே எஸ்ஸை எழுதிவிடுவதைத் தவிர வழியில்லை.

மீதி இரண்டு போன கதைதான் எனக்கு வலிக்கிறது. 33ஆம் வினாவுக்கு அவளிடம் விடையில்லை, வினாத்தாளில் காலியாக விட்டிருந்தாள். மாற்றும்போது 34இன் விடையை 33இல் எழுதினாள், 35இன் விடையை 34இல். 36 ஒரு ஆண்டு, எண்ணாகத்தான் வர வேண்டும். அதை எழுதப் போனபோதுதான் வரிசை தப்பியது தெரிந்தது. 36இலிருந்து 40 வரை சரியாக எழுதிவிட்டுத் திரும்பி வந்து, தப்பான இரண்டையும் அழித்தாள். மறுபடி எழுதுவதற்குள் நேரம் முடிந்தது. தெரிந்த விடை இரண்டு, ரப்பர் தூளாகப் போயின.

நேரம் ஏன் போதவில்லை? முதல் ஐந்து நிமிடமும் அவள் பெரிய எழுத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குப் பெரிய எம், தெருப் பெயருக்குப் பெரிய எழுத்து, ‘கார்டன்’ பெயரின் பகுதியா பொதுச்சொல்லா என்று ஒரு தயக்கம், அழிப்பு, மறுபடி எழுத்து. “பெரிய எழுத்து விட்டா மார்க் போயிரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றாள். சொல்லியிருந்தேன். யாரோ சொன்னதை நானும் சொன்னேன், விதியைப் படித்துப் பார்க்கவில்லை. விடையைச் சிறிய எழுத்திலும் எழுதலாம், முழுக்கப் பெரிய எழுத்திலும் எழுதலாம், மதிப்பெண் அதனால் போகாது. போவது எழுத்துப் பிழையாலும் ஒருமை பன்மையாலும்தான். போகாத இடத்தில் காவல் போட்டுவிட்டு, போகிற இடத்தைத் திறந்து விட்டவன் நான்.

இப்போது எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதச் சொல்கிறேன், அந்த யோசனையே வேண்டாம் என்று. இடது கை விரல் வினாத்தாளின் எண்ணில் இருக்கும், பென்சில் விடைத்தாளில் அதே எண்ணைத் தொட்ட பிறகுதான் எழுதும். தெரியாத வினாவுக்கு ஏதாவது ஒரு ஊகத்தை எழுதிவிட வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, வரிசையும் நகராது. ஐந்து நிமிடத்துக்குள் மாற்றிவிட்டு, மிச்சத்தில் ஒவ்வொரு விடையையும் வினாவின் வாக்கியத்தோடு சேர்த்து உதடசையப் படிக்கிறார்கள். வகுப்பு சத்தமில்லாமல் முணுமுணுக்கும். டிக் போடுவது நான்தான், விடைத்தாளைப் பார்த்து மட்டும். முதல் வாரத்தில் எல்லோருடைய மதிப்பெண்ணும் சரிந்தது, இரண்டு பேர் வேறு சென்டருக்குப் போய்விட்டார்கள்.

திருந்திவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இப்போது பலர் கணினியில் எழுதுகிறார்கள். அதில் மாற்றி எழுதும் வேலையே இல்லை, கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். கடைசியில் சரிபார்க்க இரண்டு நிமிடம். கணினி பேட்ச் நடக்கிற நாட்களில், அந்த இரண்டு நிமிடத்தையும் விழுங்கிவிட்டு விடை படிக்க வாய் வருகிறது. போன வியாழக்கிழமைகூடப் படிக்கத் தொடங்கிவிட்டேன். முன் வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, “சார், இன்னும் டைம் இருக்கு” என்றான்.