மாதந்தோறும் ஊருக்குச் செல்லும் பணம்



கோவிலம்பாக்கத்தில் வாழும் நம்மில் அநேகருடைய பெற்றோர் இங்கே இல்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் அவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்க, பிள்ளைகள் ரேடியல் சாலை வழியே துரைப்பாக்கத்து அலுவலகங்களுக்குச் சென்று வருகிறார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு தொகை ஊருக்குப் போகிறது. மகன் அனுப்பினால் அது கடமை என்று சொல்லப்படுகிறது. மருமகள் தன் தாய் தகப்பனுக்கு அனுப்பினாலோ, அநேக வீடுகளில் ஒரு மௌனம் உண்டாகிறது. அந்த மௌனம் கசப்பாக மாறாதபடி துணைவர் என்ன செய்யலாம் என்பதை இந்த வாரம் சிந்திப்போம்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொள்ளும் பகுதியை நினைத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டிய உதவியைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்குரிய காணிக்கையாக்கிவிட்டால், பெற்றோரைத் தாங்கும் கடமை நீங்கிவிடும் என்று அவர்கள் போதித்தார்கள். ஆண்டவர் அதை ஏற்கவில்லை. பெற்றோரைக் கனம்பண்ணுதல் என்பது வாய்ச்சொல் மட்டுமன்று, பணப்பையையும் தொடுகிற காரியம் என்பது இதனால் விளங்குகிறது. சபைக் காணிக்கைகூட அதற்கு மாற்றாகாது என்றால், ஒரு போதகனாக நானும் அதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கற்பனை மகனென்றும் மகளென்றும் பிரித்துப் பேசவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் பிரிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கல்யாண் நகரில் மருத்துவராயிருந்த விஜயா மனோகர் அர்பட் என்ற திருமணமான மகளிடம் அவருடைய தந்தை ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடுத்தார். திருமணமான மகளுக்கும் பெற்றோரைத் தாங்கும் கடமை உண்டு என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்பு வந்த 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள் என்னும் சொல்லில் மகளைச் சேர்த்தே கூறுகிறது. ஆகையால் மனைவி தன் பெற்றோருக்கு அனுப்புவதைக் கணவர் தரும் சலுகையாக எண்ணுவது சரியன்று. அது அவளுடைய கடமை. அதை எளிதாக்குவதே துணைவரின் பங்கு.

ஓர் உதாரணக் குடும்பத்தை மனதில் நிறுத்திக்கொள்வோம். கணவருக்கு மாதம் 45,000 ரூபாய், மனைவிக்கு 35,000 ரூபாய் வருமானம். மனைவியின் தாயார் ஆலங்குளம் பக்கத்தில் பல ஆண்டுகள் பீடி சுற்றியவர்; வருங்கால வைப்புநிதி ஓய்வூதியமாக 1,000 ரூபாய் வருகிறது. தகப்பனாரால் இனிக் கூலி வேலைக்குச் செல்ல இயலாது. மகள் மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறாள். கணவரின் தாயாரோ இவர்களோடு கோவிலம்பாக்கத்திலேயே இருக்கிறார். "என் வீட்டாருக்கு நாம் ஒன்றும் அனுப்புவதில்லையே" என்று கணவர் ஒருநாள் சொல்லிவிடுகிறார். மனைவி பதில் சொல்லவில்லை. மறுமாதம் அவள் 8,000 அனுப்பிவிட்டு 6,000 என்று சொல்லத் தொடங்குகிறாள். கசப்பு வேர்விட்டதற்கு முதல் அடையாளம் இதுவே: தொகை ஒன்று, சொல்லும் கணக்கு வேறொன்று.

இவர்கள் முதலில் செய்யவேண்டியது, ஒரு மாலையில் அமர்ந்து இரு பக்கச் செலவையும் காகிதத்தில் எழுதுவதே. தாயாரின் மருந்துக்கு 2,000, உணவுக்கும் பாலுக்கும் 4,000, அவருக்கென இன்னொரு படுக்கையறை உள்ள வீடு எடுத்ததால் கூடிய வாடகை 4,000. மொத்தம் 10,000 ரூபாய். கூட இருப்பவருக்கு ஆகும் செலவு மளிகைக் கணக்கிலும் வாடகையிலும் கலந்து மறைந்துவிடுகிறது; தூரத்தில் இருப்பவருக்கு அனுப்புவது மட்டும் தனி வரியாகக் கண்ணில் உறுத்துகிறது. கணவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை ஒருமுறை மட்டுமே போடுங்கள். அந்தப் பாட்டி பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறூட்டுவதற்கு எந்தக் கணக்கில் விலை எழுதுவீர்கள்? உண்மை தெரிந்தபின் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். சரிக்குச் சரி அளக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது.

இரண்டாவதாக, அந்த 8,000 ரூபாயை மாத முடிவில் மிஞ்சுவதிலிருந்து அனுப்பாமல், வாடகையைப்போலச் சம்பளம் வந்த மறுநாளே அனுப்பும் செலவாக்குங்கள். மிஞ்சியதிலிருந்து அனுப்பும்போது மனைவி மாதந்தோறும் கேட்க வேண்டியதாகிறது. கணவர் மாதந்தோறும் அனுமதிக்கிறவராகிறார். கேட்பதும் அனுமதிப்பதும் பன்னிரண்டு முறை நடந்தால் பன்னிரண்டு வருத்தங்கள் சேரும். ஒரு தேதியும் ஒரு தொகையும் நிலைத்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் அமர்ந்து தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம்.

மூன்றாவதாக, பெரும்பாலான சண்டைகள் மாதத் தொகையால் வருவதில்லை. ஊரில் ஓடு சரிந்தது என்றோ தகப்பனாருக்குக் கண்புரை அறுவை என்றோ திடீரென்று 15,000 ரூபாய் கேட்டு அழைப்பு வரும்போதே வருகின்றன. இதற்கென வங்கியில் மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பாகப் போட்டுவந்தால், ஓராண்டில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். இரு வீட்டுப் பெற்றோருக்கும் அது பொதுவாக இருக்கட்டும். மாதத் தொகைக்கு அனுமதி தேவையில்லை. அதற்கு மேற்பட்டதை இருவரும் பேசியே அனுப்புவோம் என்று உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நாவைப்பற்றி ஒரு வார்த்தை. "உன் தம்பி என்ன செய்கிறான்?" என்ற கேள்வியைத் துணைவர் கேட்காதிருப்பது நலம். தம்பியும் பங்கெடுக்க வேண்டும் என்பது நியாயந்தான். ஆனால் அதை அவனிடம் பேசவேண்டியவள் அக்காள். மாப்பிள்ளை கேட்டால், கொடுத்த பணம் அவமானமாகிவிடும். அவ்வாறே, அனுப்பிய பணத்தை மாமனார் எப்படிச் செலவழித்தார் என்றும் விசாரியாதிருங்கள். மகள் காசில் உண்பதா என்று ஏற்கெனவே கூசுகிற பெரியவர்கள் அவர்கள். மாப்பிள்ளை தாமே தொலைபேசியில் அழைத்து, "மாமா, மாத்திரை வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டால் அந்தக் கூச்சம் பாதி தணியும். பணம் மகளுடையதாகவே இருக்கட்டும், விசாரிப்பு இருவருடையதாயிருக்கட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. கிரெடிட் கார்டில் கடன் வாங்கி ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்றாலோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தவணை தப்புகிறது என்றாலோ, தொகை உங்கள் தாங்கும் அளவைக் கடந்துவிட்டது. அப்போது நிறுத்திவிடாமல் குறையுங்கள். குறைப்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பே, மகளே தன் பெற்றோரிடம் சொல்லட்டும். அவள் அந்த அழைப்பைச் செய்யும்போது கணவர் அருகில் அமர்ந்திருக்கட்டும். "அவர் கொடுக்கவிடவில்லை" என்ற எண்ணம் ஊரில் எழாதபடிக்கு, "நாங்கள் இருவரும் யோசித்தோம்" என்று அவள் சொல்ல இயலவேண்டும்.

இந்த மாதச் சம்பளம் வருவதற்கு முன்னே ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். ஜெபித்துவிட்டு, இரு வீட்டுப் பெற்றோரின் பெயர்களையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். நம் தாய் தகப்பன்மாரைக் கனம்பண்ணும் கிருபையைக் கர்த்தர் நம் வீடுகளுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.