ஒட்டா, மாற்றா?

“ஒழுகிற இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் போதாதா, தம்பி?” திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருபது வருடப் பழைய சிலாப் உள்ள எந்த வீட்டுக்காரரும் கேட்கும் கேள்விதான் இது. “முதலில் தட்டிப் பார்ப்போம், ஐயா” என்று பொறியியலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீர்த்தடுப்புப் பூச்சு சிலாப்பை விட்டுக் கழன்றிருந்தால், சுத்தியலால் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்கும். ஒரு வெடிப்பால் இறங்கும் நீர் அந்த இடைவெளியில் ஓடி, வேறோர் அறையின் கூரையில் கசியும். கறை தெரியும் இடத்துக்கு மேலே ஒட்டுப் போட்டால், ஓட்டை அப்படியே இருக்கும்.

“முழுக்க மாற்றுவது பெருஞ்செலவல்லவா?” நியாயமான ஆட்சேபம். பொள்ளல் ஓரிரு இடத்தில், குழாயோரத்தில் மட்டும் என்றால் ஒட்டே போதும். பரவலாக இருந்தால் ஒட்டுகள் வீண். கடற்காற்றின் உப்பு நீரோடு இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். துருக்கறையோ, உதிர்ந்த சீமெந்தோ கீழே தெரிந்தால், கம்பியைச் சீராக்காமல் மேலே எதைப் பூசியும் பயனில்லை. புதிய பூச்சுக்கு முன் நீர் வடிகுழாய்க்கு ஓடும் சரிவும் வேண்டும்.

மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கும். சிலாப் நன்கு காய்ந்திருக்கும் ஓகஸ்டிலேயே தட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.